4% வரி 14% ஆனது எப்படி? பழைய விற்றுமுதல் வரி பற்றி ஒரு சந்தேகம்

தேக்கா வாசி:

மதியச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த வாக்குவாதம், இங்கே கொண்டு வருகிறேன். நண்பர் ஒருவர் சொல்கிறார்: "சிங்கப்பூரில் நம் ஜிஎஸ்டியும் வரிக்கு மேல் வரிதான். மொத்த வியாபாரி 9% போடுகிறார், அவரிடம் வாங்கிய கடைக்காரர் திரும்பவும் 9% போடுகிறார்." இன்னொருவர் மறுத்தார். பழைய விற்றுமுதல் வரிதான் அப்படி என்றும், அதைச் சகிக்க முடியாமல்தான் ஐரோப்பா, ஜிஎஸ்டி மாதிரி முன்னால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் மதிப்புக் கூட்டு வரிக்குப் போனது என்றும் சொன்னார். சரி, அப்படியென்றால் ஜெர்மனியில் 1967 வரை 4% ஆக இருந்த வரி 1968 ஜனவரியில் 10% ஆனது ஏன்? சுமையைக் குறைக்கிறேன் என்று சொல்லி இரண்டரை மடங்கு ஏற்றுவார்களா? தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

பாய லேபார் பாலா:

இதில் என்ன குழப்பம்? கூட்டு வட்டி மாதிரிதான். ஒரு பொருள் ஐந்து கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் 4%. 1.04ஐ ஐந்து முறை பெருக்கினால் 1.2167. ஆக மொத்தம் 21.7% வரி. வரிமேல் வரி ஏறி ஏறி இந்த உயரத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக 10% என்றால் லாபம்தானே.

கணக்குப்பிள்ளை:

பாலா, பாதி சரி. நீங்கள் சொல்லும் 21.7% வர வேண்டுமானால் பொருளின் முழு மதிப்பும் முதல் கையிலேயே உருவாகியிருக்க வேண்டும். மற்ற நான்கு பேரும் ஒரு காசு வேலையும் செய்யாமல் வாங்கி விற்றிருக்க வேண்டும். நிஜத்தில் ஒவ்வொருவரும் கொஞ்சம் சேர்க்கிறார்கள். கடைசியில் சேர்ந்த மதிப்பு ஒரே ஒரு முறைதான் வரிக்கு மாட்டும்.

ஒரு சட்டைக் குவியலை எடுத்துக்கொள்வோம். நூற்பவர் 100 வெள்ளி மதிப்பு சேர்க்கிறார், நெய்பவர் 100, தைப்பவர் 100, மொத்த வியாபாரி 40, கடைக்காரர் 60. வரியே இல்லையென்றால் கடையில் விலை 400. இப்போது ஒவ்வொரு விற்பனையிலும் முழுத் தொகைக்கும் 4%. முன்னால் கட்டிய வரிக்குக் கழிவு கிடையாது.

நூற்பவர் 100க்கு 4 சேர்த்து 104க்கு விற்கிறார்.
நெய்பவருக்கு அடக்கம் 204. வரி 8.16. விற்பது 212.16.
தைப்பவருக்கு அடக்கம் 312.16. வரி 12.49. விற்பது 324.65.
மொத்த வியாபாரிக்கு அடக்கம் 364.65. வரி 14.59. விற்பது 379.23.
கடைக்காரருக்கு அடக்கம் 439.23. வரி 17.57. வாங்குபவர் கொடுப்பது 456.80.

அரசுக்குப் போனது 56.80. 400க்கு இது 14.2%. பலகையில் எழுதியிருப்பது 4%, சட்டைக்குள் இருப்பது 14.2%. தேக்கா வாசியின் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் 4% என்பது சுமையின் அளவே இல்லை. 1968 ஜனவரியில் 10%, அதே ஆண்டு ஜூலையில் 11% என்று வந்தபோது ஏறியது கண்ணுக்குத் தெரியும் விகிதம். அதுவரை விலைக்குள் ஒளிந்திருந்ததை வெளியே எடுத்து எழுதினார்கள். (நான் வைத்த சங்கிலி கற்பனை. அங்கே மொத்த வணிகத்துக்குக் குறைந்த விகிதம் இருந்தது, அதனால் நிஜ எண்கள் பொருளுக்குப் பொருள் மாறும்.)

இன்னொன்றையும் பாருங்கள். "வரிக்கு மேல் வரி" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இந்த 56.80இல் உண்மையிலேயே வரியின் மேல் விழுந்த வரி எவ்வளவு தெரியுமா? வரி கலக்காத விற்பனைத் தொகைகளை மட்டும் கூட்டுங்கள்: 100, 200, 300, 340, 400. மொத்தம் 1,340. அதில் 4% என்றால் 53.60. மிச்சம் 3.20 மட்டும்தான் வரிமேல் வரி. பெரும்பகுதி, ஒரே மதிப்பைத் திரும்பத் திரும்ப எண்ணியதால் வந்தது. நூற்பவரின் 100 ஐந்து விற்பனையிலும் உள்ளே உட்கார்ந்து 20 வெள்ளி கட்டுகிறது. கடைக்காரரின் 60 ஒரே முறை மாட்டி 2.40 கட்டுகிறது. பெயரில் இருக்கும் வரிமேல் வரியை மட்டும் துரத்திக்கொண்டு போனால் நிஜமான நோயைத் தவறவிட்டுவிடுவோம்.

பாய லேபார் பாலா:

ஒப்புக்கொள்கிறேன், என் பெருக்கல் அதிகபட்சம். ஆனால் நீங்களும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எந்தக் கடைக்காரர் "எனக்கு 60 போதும்" என்று உட்காருவார்? வாங்கிய விலைக்கு மேல் இத்தனை சதவீதம் என்றுதான் போடுவார். வாங்கிய விலையில் வரி கலந்திருக்கிறது. அப்போது வரிக்கும் சேர்த்து லாபம் வைக்கிறார். உங்கள் 456.80 குறைவான மதிப்பீடு.

கணக்குப்பிள்ளை:

சதவீத லாபம் வைத்தால் விலை இன்னும் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் பணம் அரசுக்குப் போகவில்லை, வியாபாரியின் பையில் நிற்கிறது. போட்டி இருக்கும் இடத்தில் எவ்வளவு நாள் நிற்கும் என்பது வேறு கேள்வி. அதனால் இரண்டையும் கலக்காமல் வைத்தேன்.

மெய்யம்மை அச்சகம்:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். நான் சிறிய அச்சகம் நடத்துகிறேன், விற்பனை ஆண்டுக்கு பத்து லட்சம் வெள்ளியை எட்டாது, அதனால் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யவில்லை. காகிதம் வாங்கும்போது 9% கொடுக்கிறேன், திரும்பக் கிடைப்பதில்லை. இதுவும் நீங்கள் சொல்லும் அதே வரிமேல் வரி அடுக்குதானே? அப்படியென்றால் தேக்கா வாசியின் நண்பர் சொன்னது சரிதானே?

கணக்குப்பிள்ளை:

அக்கா, உங்கள் கேள்வியில் இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள். யாருக்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

காகிதம் 1,000 வெள்ளி, ஜிஎஸ்டி 90. உங்கள் கூலியும் லாபமும் 800. ஆக 1,890க்குக் கொடுக்கிறீர்கள். வாங்குவது கல்யாண அழைப்பிதழ் அடிக்க வந்த குடும்பம் என்றால் வரி 90 மட்டுமே. நீங்கள் பதிவு செய்திருந்தால் 1,800க்கு 162 போட்டிருப்பீர்கள். குடும்பத்துக்கு இப்போதுதான் மலிவு. உங்கள் 800க்கு வரியே இல்லை.

வாங்குவது பதிவு செய்த நிறுவனம், அவர்கள் உணவுப் பெட்டிக்கு உறை அடிக்கிறார்கள் என்று வையுங்கள். உங்கள் ரசீதில் ஜிஎஸ்டி என்று தனி வரி இல்லை, அதனால் அந்த 90ஐ அவர்களால் கழிக்க முடியாது. 1,890ம் அவர்களுக்கு அடக்கம். அதன் மேல் தங்கள் வாடிக்கையாளரிடம் 9% போடும்போது 170.10. உங்கள் 90யும் சேர்த்து அரசுக்கு 260.10. நீங்கள் பதிவு செய்தவர் என்றால் அவர்கள் உங்களுக்குக் கொடுத்த 162ஐக் கழித்துக்கொள்வார்கள். கடைசியில் அந்த 1,800க்கு 162 மட்டும் நிற்கும். வித்தியாசம் 98.10. அதில் 90 நடுவில் சிக்கிய வரி, 8.10 அசல் வரிமேல் வரி. ஆக, சங்கிலியின் கடைசியில் நிற்கும் பதிவு இல்லாதவரால் பிரச்சினை இல்லை. நடுவில் நின்றால் பழைய நோய் திரும்புகிறது.

வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நிறுவனங்கள் என்றால் தானாக முன்வந்து பதிவு செய்வதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குறைந்தது இரண்டு ஆண்டுகள் பதிவில் இருக்க வேண்டும், கணக்கு தாக்கல் செய்யும் வேலையும் சேரும். குடும்பங்கள் அதிகம் என்றால் விலை ஏறும், யோசிக்க வேண்டும்.

தேக்கா வாசி, உங்கள் நண்பரின் விஷயம்: மொத்த வியாபாரியும் கடைக்காரரும் இருவரும் பதிவு செய்தவர்கள் என்றால், கடைக்காரர் வசூலித்த 9%இல் மொத்த வியாபாரிக்குக் கொடுத்ததைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கட்டுகிறார். அவர் இரண்டு ரசீதுகளைப் பார்த்தார், நடுவில் நடந்த கழிவைப் பார்க்கவில்லை.

நூல்கண்டு:

கணக்கு சரி. ஆனால் நாடுகள் இதைக் கைவிட்டதற்கு 14% ஆனது முக்கியக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அரசுக்கு 14% வேண்டுமென்றால் எந்த வழியிலும் வாங்கிக்கொள்ளும். உண்மையான வலி, கம்பெனிகள் வரிக்காகத் தங்கள் உருவத்தையே மாற்றிக்கொண்டதில் இருக்கிறது.

அதே சட்டையை எடுங்கள். நூற்பு, நெசவு, தையல், மொத்த வணிகம் நான்கும் ஒரே கம்பெனிக்குள் நடக்கட்டும். உள்ளே நூல் கைமாறும்போது விற்பனை இல்லை, வரி இல்லை. 340க்கு 4% சேர்த்து 353.60க்குக் கடைக்காரருக்குப் போகும். அவர் 60 சேர்த்து 4% போட்டால் 430.14. தனித்தனி ஆட்கள் செய்த சட்டை 456.80. அதே நூல், அதே தையல், 26 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். கடையையும் தானே வைத்துக்கொண்டால் 416. இந்த வரியில் திறமை முக்கியமில்லை. யார் அதிகக் கைகளை ஒரே கூரைக்குள் கொண்டுவருகிறாரோ அவர் ஜெயிக்கிறார்.

ஜெர்மனியில் இதற்குச் சட்டமே வழி கொடுத்தது. பணம், நிர்வாகம், தொழில் மூன்றிலும் தாய்க் கம்பெனியோடு ஒட்டிய துணைக் கம்பெனியை ஒரே ஆளாகவே பார்த்தார்கள், இடையிலான விற்பனைக்கு வரி இல்லை. சிறிய நெசவாலைக்காரர் எங்கே போவார்? 1966 டிசம்பரில் அங்கே அரசமைப்பு நீதிமன்றம் இந்த வரி போட்டியில் நடுநிலையாக இல்லை என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் திருத்தம் நடந்துகொண்டிருப்பதால் உடனே செல்லாது என்று அறிவிக்கவில்லை. அதற்கு நான்கு மாதத்துக்குள், 1967 ஏப்ரல் 11இல், உறுப்பு நாடுகளை மதிப்புக் கூட்டு வரிக்கு மாறச் சொல்லும் ஐரோப்பிய சமூகத்தின் முதல் இரண்டு உத்தரவுகளும் வந்துவிட்டன.

சேராமலேயே தப்பிக்க இன்னொரு வழி, கூலி வேலை. நெய்பவர் நூலை வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ளாமல் கூலிக்கு மட்டும் நெய்து கொடுத்தால் விற்றது 100 வெள்ளிக் கூலி மட்டுமே. வரி 4. தைப்பவருக்கு நூலுக்கு 104, கூலிக்கு 104, மொத்தம் 208. முன்பு 212.16. நூலின் உரிமை யாரிடம் என்று காகிதத்தில் மாற்றி எழுதியதற்கு 4.16 மிச்சம்! திருப்பூரில் ஜாப் ஒர்க் இந்த அளவு பரவியதற்கும் பழைய விற்பனை வரிதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூரோங் தணிகை:

நூல்கண்டு அண்ணே, திருப்பூர் பற்றிச் சொன்னது கொஞ்சம் தாவல். அங்கே கூலி வேலைக்கு முதல் பற்றாக்குறை, ஆர்டர் ஏற்ற இறக்கம் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். வரி இல்லாமலும் அது வந்திருக்கும்.

ஆனால் நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் வேறு இருக்கிறது. 1939இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த பொது விற்பனை வரி பலமுனை வரிதான். ஒவ்வொரு விற்பனையிலும் விழும். பிறகு பல பொருள்களை ஒருமுனை வரிக்கு மாற்றினார்கள். பலமுனை, ஒருமுனை என்ற சொற்கள் ஊரில் வியாபாரிகளின் வாயில் இன்னும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்தது 2007 ஜனவரி 1இல்தான்.

அதற்குப் பிறகும் மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி, 2008 ஜூனிலிருந்து 2%, அதற்குக் கழிவு கிடையாது. கம்பெனிகள் என்ன செய்தன? ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கிடங்கு திறந்தன. சரக்கை விற்காமல், எஃப் படிவம் போட்டுச் சொந்தக் கிளைக்கு அனுப்பின. தன் கிளைக்கு அனுப்புவது விற்பனை இல்லை, 2% இல்லை. வரி மிச்சம், வாடகையும் ஆளும் செலவு. எந்த நகரத்தில் கிடங்கு வைப்பது என்று வாடிக்கையாளரைப் பார்த்து முடிவு செய்யாமல் வரைபடத்தில் மாநில எல்லையைப் பார்த்து முடிவு செய்தார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகுதான் அந்தக் காரணம் போனது.

நூல்கண்டு:

திருப்பூரைத் திரும்பப் பெறுகிறேன். கிடங்கு உதாரணம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

கிடங்கு சொன்னதும் எல்லை நினைவுக்கு வருகிறது. எனக்குக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட ஐரோப்பாவைத் தள்ளியது எல்லைதான்.

ஏற்றுமதிப் பொருளிலிருந்து உள்நாட்டு வரியைக் கழற்றி அனுப்ப வேண்டும், இது எல்லோரும் ஏற்ற விதி. ஆனால் அந்தச் சட்டையில் எவ்வளவு வரி இருக்கிறது? தைப்பவர் நேராக ஏற்றுமதி செய்தால் அவருடைய 312.16இல் 12.16 ஒளிந்திருக்கிறது. எல்லாம் ஒரே கூரைக்குள் செய்யும் கம்பெனியின் 300இல் ஒன்றுமே இல்லை. சுங்கத்தில் நிற்கும் அதிகாரி இரண்டு சட்டையையும் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. அதனால் ஐரோப்பியப் பொதுச் சந்தையை உருவாக்கிய ரோம் ஒப்பந்தத்தின் 97வது பிரிவே சராசரி விகிதம் வைத்துக்கொள்ள அனுமதித்தது.

சராசரி 2% என்று வைப்போம். தனித் தையல்காரருக்கு 6.24 கிடைக்கும், அவருக்குள் இருப்பது 12.16. மிச்சம் வெளிநாட்டுச் சந்தையில் அவர் தலையில். பெரிய கம்பெனிக்கு 6 வெள்ளி கிடைக்கும், அது கட்டவே இல்லாத வரி. இது மானியம் என்று பக்கத்து நாடு சத்தம் போடும், இல்லை என்று இவர்கள் சாதிப்பார்கள், யாராலும் நிரூபிக்க முடியாது. சுங்கத் தீர்வையை எடுத்துவிட்டு ஒரே சந்தையாக ஆக வேண்டும் என்று உட்கார்ந்த ஆறு நாடுகளுக்கு இந்தச் சண்டையோடு காலம் தள்ள முடியவில்லை. அவர்களுக்காக வரிகளை ஆராய்ந்த நோய்மார்க் குழு 1962இல் மதிப்புக் கூட்டு வரி என்ற பிரான்சின் வழியைப் பரிந்துரைத்ததற்குப் பின்னால் இதுதான் இருக்கிறது.

மதிப்புக் கூட்டு வரியில் இதே சட்டைக்கு 14.2% வைத்தால், நெய்பவர் தைப்பவருக்கு 200க்கு 28.40 வரி போட்டு ரசீது கொடுப்பார். தைப்பவர் 300க்கு ஏற்றுமதி செய்கிறார், ஏற்றுமதிக்கு 0%, ரசீதைக் காட்டி 28.40ஐ முழுதாகத் திரும்பப் பெறுகிறார். சராசரி வேண்டாம், ஊகம் வேண்டாம். எத்தனை கை மாறியது என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. உள்நாட்டுக் கடையில் அதே சட்டை 456.80, ஐந்து பேர் செய்தாலும் ஒருவர் செய்தாலும்.

தேக்கா வாசி:

இது புரிந்தது. பிரான்சின் வழி என்றீர்களே, அது 1954இல் வந்ததுதானே? அதற்கு முன் பிரான்சிலும் இதே அடுக்குதானா?

கணக்குப்பிள்ளை:

முழுக்க இல்லை. 1936இலிருந்தே அங்கே உற்பத்தியாளர் மட்டத்தில் ஒரு வரி இருந்தது, 1948இல் மூலப்பொருளுக்குக் கட்டியதைக் கழிக்கும் முறையும் வந்துவிட்டது. இடித்தது இயந்திரம். தறி வாங்கும்போது கட்டிய வரிக்குக் கழிவு இல்லை. அந்தத் தறி நெய்த ஒவ்வொரு முழத் துணியிலும் அந்த வரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், துணிக்குத் திரும்பவும் வரி விழும். புதிய இயந்திரம் வாங்குபவருக்குத் தண்டனை, பழையதை ஓட்டுபவருக்குப் பரிசு. போருக்குப் பின் தொழிற்சாலைகளைப் புதுப்பிக்க வேண்டிய நாட்டில்! பிரெஞ்சு வரித்துறை அதிகாரி மோரீஸ் லோரே கொண்டுவந்த 1954 ஏப்ரல் சட்டம் இயந்திரத்துக்கும் கழிவு கொடுத்தது. சில்லறைக் கடைகள் உள்ளே வந்தது 1968இல்தான்.

ஜோகூர் வழிப்போக்கன்:

எல்லாம் சரி. ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். மலேசியா 2015 ஏப்ரலில் 6% ஜிஎஸ்டி கொண்டுவந்தது, 2018 ஜூனில் 0% ஆக்கியது, செப்டம்பரில் விற்பனை வரி, சேவை வரி என்று பழையதற்கே திரும்பியது. நாடு ஒன்றும் முழுகவில்லையே. இந்த அடுக்கு பயம் பொருளாதாரக்காரர்கள் ஊதியதுதானோ?

ஜூரோங் தணிகை:

மலேசியாவின் விற்பனை வரி ஐந்து கையிலும் விழாது. உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் மட்டத்தில் ஒரு முறை. பதிவு செய்த உற்பத்தியாளர் மூலப்பொருளை வரியில்லாமல் வாங்கவும் வழி உண்டு. இது நம் ஊர் ஒருமுனை வரி மாதிரி. கணக்குப்பிள்ளை சொன்ன ஜெர்மனியோடு ஒப்பிட முடியாது.

சேவை வரிதான் சந்தேகத்துக்கு இடம். 2024 மார்ச்சில் பெரும்பாலான சேவைகளுக்கு 8% ஆக்கினார்கள். தொழிற்சாலை தன் கணக்காளருக்குக் கொடுக்கும் சேவை வரிக்குக் கழிவு கிடையாது, அது பொருளின் விலைக்குள் போய்விடும். அதே வகைச் சேவையை வாங்கி விற்பவருக்கு மட்டும் சில விலக்குகள் உண்டு.

நூல்கண்டு:

விகிதமும் முக்கியம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இன்றும் மொத்த வரவு மேல் 0.26% வரி இருக்கிறது, கழிவு இல்லை. அதே 1,340க்குப் போட்டால் 3.48. 400க்கு 1% கூட இல்லை. அதற்காக யாரும் ஆலையை இணைக்க மாட்டார்கள். 4% என்றால் இணைப்பார்கள். இடையில் எங்கே கோடு என்பது தொழிலுக்குத் தொழில் மாறும்.

ஜோகூர் வழிப்போக்கன்:

அப்படியென்றால் மலேசியாவில் 8% சேவை வரி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டதா இல்லையா?

கணக்குப்பிள்ளை:

ஒரே எண்ணில் பதில் வராது. சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். வெளியில் வாங்கும் சேவையைக் கம்பெனிக்குள் சொந்த ஆளை வைத்துச் செய்தால் மொத்த வரி குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அங்கே அடுக்கு இருக்கிறது. கணக்காளருக்கு ஆண்டுக்கு 50,000 ரிங்கிட் கொடுக்கும் தொழிற்சாலைக்கு 4,000 வரி. அதை மிச்சப்படுத்தத் தனியாக ஒரு கணக்காளரைச் சம்பளத்துக்கு வைக்க மாட்டார்கள். 50 லட்சம் கொடுக்கும் இடத்தில் 4 லட்சம், அங்கே யோசிப்பார்கள். ஆக, சின்னவர் கட்டுவார், பெரியவர் தப்பிப்பார்.

ஜோகூர் வழிப்போக்கன்:

ஜிஎஸ்டி இருந்த காலத்தில் பணம் திரும்ப வர மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். ரசீதில் 28.40 என்று எழுதியிருப்பது ஒன்று, அது கைக்கு வருவது வேறொன்று. அதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

மெய்யம்மை அச்சகம்:

அந்தச் சோதனையை எனக்கும் போட்டுப் பார்த்தேன். என்னிடம் அச்சடிப்பதை விட்டு அந்த நிறுவனமே இயந்திரம் வாங்கிக் காகிதத்தில் அடித்தால் 98.10 மிச்சம் என்று வருகிறது. என் விற்பனையில் பாதி நிறுவனங்கள், பாதி குடும்பங்கள். பதிவு செய்வதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை, ஆனால் அவர்கள் ஏன் போன மாதம் அச்சு இயந்திரத்தின் விலையை என்னிடமே விசாரித்தார்கள் என்று இப்போது புரிகிறது.